ஆஃபர் மெயில் ஏன் ஸ்பேமுக்குப் போகுது? சப்ஜெக்ட் லைனை டெஸ்ட் செய்வது இப்படித்தான்!

போனில் ஜிமெயில் ஆப்பைத் திறந்து, மேலே இடது மூலையில் இருக்கும் மூன்று கோடுகளைத் தட்டி, Spam என்ற ஃபோல்டருக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். லாட்டரி பரிசு, வெளிநாட்டு வேலை, பெயரே கேள்விப்படாத லோன் ஆப்... எல்லாம் எதிர்பார்த்த ஆட்கள்தான். ஆனால், இன்னும் கொஞ்சம் கீழே போனால், நீங்கள் நிஜமாகவே பொருள் வாங்கிய ஏதோ ஒரு கடையின் ஆஃபர் மெயிலும் அங்கே படுத்திருக்கலாம். 30 நாள் ஆனால் அது தானாக அழிந்துவிடும். அனுப்பியவருக்கு இந்த விஷயமே தெரியாது. அவருடைய மென்பொருள் 'டெலிவர்டு' என்று பச்சை டிக் போட்டிருக்கும். ஏன்னா, ஸ்பேம் ஃபோல்டரில் விழுந்தாலும் டெலிவரி கணக்கில்தான் சேரும்!

இன்ஸ்டாகிராமில் துணி, நகை, கேக் என்று சின்னதாக பிசினஸ் செய்கிறவர்கள் பலரும் அடுத்த கட்டமாக வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாக மெயில் அனுப்பத் தொடங்குகிறார்கள். அந்த இடத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை, ''சப்ஜெக்ட் லைன்ல ஃப்ரீ, ஆஃபர், தள்ளுபடினு போடாதே, ஸ்பேமுக்குப் போயிடும்'' என்பது. கூடவே நூறு, இருநூறு 'ஆபத்தான வார்த்தைகள்' கொண்ட ஒரு பட்டியலையும் யாராவது ஃபார்வர்டு செய்வார்கள். அந்தப் பட்டியலை நீங்கள் தாராளமாக டெலீட் செய்யலாம்.

ஒரு வார்த்தை மட்டும் மாட்டிவிடாது

வார்த்தையைப் பார்த்துத் தடுக்கும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது உண்மைதான். அதை மாற்றியதில் பால் கிரஹாம் என்ற அமெரிக்க புரோகிராமருக்குப் பெரிய பங்கு உண்டு. 2002 ஆகஸ்ட்டில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். 'எது கெட்ட வார்த்தை என்று மனிதன் முடிவு செய்ய வேண்டாம். ஸ்பேம் மெயில்களை ஒரு குவியலாகவும், நல்ல மெயில்களை இன்னொரு குவியலாகவும் கொடுங்கள். ஒவ்வொரு வார்த்தையும் எந்தக் குவியலில் எவ்வளவு வருகிறது என்று கம்ப்யூட்டரே எண்ணிக்கொள்ளட்டும்' என்பது அதன் சாரம். அப்படி எண்ணியபோது அவருக்கு ஓர் ஆச்சர்யம் கிடைத்தது. ஆபாச வார்த்தைகளுக்கு இணையாக ஸ்பேமைக் காட்டிக்கொடுத்தது `ff0000`. வேறொன்றும் இல்லை, அது பளிச் சிவப்பு நிறத்துக்கான குறியீடு. அன்றைக்கு ஸ்பேம் அனுப்பியவர்கள் எழுத்தைச் சிவப்பாக்க அதை விரும்பிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எந்த மனிதனும் அதைத் தடைப் பட்டியலில் எழுதியிருக்க மாட்டான்.

இந்த முறையில் இன்னொரு வசதியும் இருக்கிறது. வடிகட்டியை ஏமாற்ற F-R-E-E என்று கோடு போட்டு எழுதினால், அது இன்னும் சீக்கிரம் மாட்டும். சாதாரண 'ஃப்ரீ' உங்கள் நண்பரின் மெயிலிலும் வரும். ''ஃப்ரீயா இருந்தா கால் பண்ணு'' என்று எழுதாதவர் யார்? நடுவில் கோடு போட்ட 'ஃப்ரீ' ஸ்பேமில் மட்டும்தான் வரும். தமிழில் 'ஆ.ஃ.ப.ர்' என்று புள்ளி வைத்து எழுதுவதும் அதே கதைதான்.

ஸ்பேம் அசாஸின் என்று ஒரு இலவச வடிகட்டி இருக்கிறது. பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றன. அது வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால், வார்த்தைக்கு எவ்வளவு எடை என்பது புரியும். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் கொஞ்சம் புள்ளி கூட்டும், நல்ல அடையாளம் இருந்தால் குறைக்கும். மொத்தம் 5 புள்ளியைத் தொட்டால் ஸ்பேம். ஆங்கில சப்ஜெக்ட் முழுவதும் கேப்பிட்டல் எழுத்தில் இருப்பதற்கும் அதில் புள்ளி உண்டு. ஆனால், அது மட்டுமே 5-ஐத் தொட வைக்காது. (தமிழில் கேப்பிட்டல் எழுத்தே கிடையாது. அந்த ஒரு தொல்லை நமக்கு இல்லை!)

ஜிமெயில் பார்ப்பது இரண்டு விஷயங்களை

நம் ஊரில் வாடிக்கையாளர் பட்டியலை எடுத்தால் பெரும்பாலும் ஜிமெயில் முகவரிகள்தான் இருக்கும். அதனால் ஜிமெயிலை வைத்தே பேசுவோம். அதன் உள்ளே இருக்கும் கணக்கு முழுவதையும் கூகுள் வெளியே சொல்வதில்லை. ஆனால், மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரியில் இருந்து சில கட்டாய விதிகளை வெளிப்படையாகவே வைத்திருக்கிறது. அதைப் படித்தாலே அதன் மனசு தெரிந்துவிடும்.

முதல் கேள்வி, 'நீ சொல்லும் ஆள் நீதானா?' என்பது. இதற்கு எஸ்.பி.எஃப், டி.கிம், டி.மார்க் என்று மூன்று சோதனைகள். உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி உண்டு என்று சொல்வது எஸ்.பி.எஃப். மெயிலின் மேல் விழும் டிஜிட்டல் முத்திரை டி.கிம். இந்த இரண்டில் ஒன்றாவது, வாசகர் கண்ணில் படும் அனுப்புநர் முகவரியோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது டி.மார்க். மூன்றையும் டொமைன் வாங்கிய தளத்தின் செட்டிங்ஸில் ஒருமுறை சேர்த்தால் போதும். மெயில் அனுப்பும் சேவை நிறுவனமே என்ன சேர்க்க வேண்டும் என்று எழுதித் தரும்.

சின்ன கடைகள் அதிகம் வழுக்கும் இடம் இதுதான். சொந்த டொமைன் இல்லாமல், @gmail.com என்று முடியும் முகவரியையே அனுப்புநராகப் போட்டு, வேறொரு நிறுவனத்தின் மொத்த மெயில் சேவை வழியாக அனுப்புகிறார்கள். ஜிமெயில் பார்வையில் இது, அதன் பெயரை வைத்துக்கொண்டு வேறு யாரோ வந்து கதவைத் தட்டுவது. சப்ஜெக்ட் லைனில் என்ன எழுதினாலும் இங்கே காப்பாற்ற முடியாது.

இரண்டாவது கேள்வி, 'நீ வந்தால் வீட்டுக்காரர் என்ன செய்கிறார்?' என்பது. மெயில் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் 'Report spam' பட்டனை அழுத்துகிறார்கள் என்று ஜிமெயில் எண்ணுகிறது. அந்த விகிதம் 0.3 சதவிகிதத்தைத் தொடக் கூடாது, 0.1-க்குக் கீழேயே இருப்பது நல்லது என்கிறது கூகுள். சதவிகிதமாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. தலைகளை எண்ணிப் பாருங்கள். இன்பாக்ஸுக்குப் போன 1,000 மெயிலுக்கு ஒருவர் அழுத்தினால் ஓகே. மூன்று பேர் அழுத்தினால் சிக்கல். அவ்வளவு மெல்லிய கோடு அது.

அப்போ சப்ஜெக்ட் லைனுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. ஆனால், அது வடிகட்டியோடு நேராகப் பேசுவதைவிட, வீட்டுக்காரர் வழியாகப் பேசுவதே அதிகம். அவரை எரிச்சலாக்கினால் பட்டனை அழுத்துவார். அந்தக் கோபம் இந்த மெயிலோடு போகாது, உங்கள் டொமைனின் பெயரில் சேர்ந்துகொண்டே இருக்கும். டொமைனுக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டால் ஆஃபர் மெயில் மட்டுமா ஸ்பேமுக்குப் போகும்? பணம் கட்டிய வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய பில், ஆர்டர் உறுதி மெயில் எல்லாம் சேர்ந்தே போகும். ''காசு கட்டிட்டேன், ஒரு பதிலும் இல்லை, நீங்க ஃப்ராடா?'' என்று இன்ஸ்டா கமென்ட்டில் கேள்வி வரும். அதனால்தான் விவரமானவர்கள் பில்லுக்கு ஒரு முகவரி, ஆஃபருக்கு வேறொரு முகவரி என்று பிரித்து வைக்கிறார்கள். டொமைன் ஒன்றாக இருக்கும்வரை இது முழுப் பாதுகாப்பு இல்லை. ஆனாலும், அடி கொஞ்சம் குறையும்.

ஒரு டி-ஷர்ட் கடையை எடுத்துக்கொள்வோம்

கற்பனையாக ஒரு கடை. ஆன்லைனில் காட்டன் டி-ஷர்ட் விற்கிறது. கையில் 6,000 மெயில் முகவரிகள். அதில் 3,600 பேர் கடந்த ஒரு வருடத்தில் வாங்கியவர்கள், ஆஃபர் மெயில் வேண்டும் என்று டிக் செய்தவர்கள். மீதி 2,400 இரண்டு வருடங்களுக்கு முன் கண்காட்சி ஸ்டாலில் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாங்கியவை. தீபாவளி ஆஃபர் அனுப்ப வேண்டும். இப்போது டெஸ்ட் எப்படிச் செய்வது?

முதல் வேலை, டெஸ்ட்டில் இருந்து அந்த 2,400 பேரை எடுத்துவிடுவது. அவர்களுக்குக் கடையின் பெயரே மறந்திருக்கும். ஸ்பேம் பட்டன் அதிகம் விழுவது அங்கிருந்துதான். பழைய முகவரிகளைக் கலந்து டெஸ்ட் செய்தால், தப்பு சப்ஜெக்ட் லைனிலா, பட்டியலிலா என்று பிரிக்கவே முடியாது.

அடுத்து, அனுப்பப்போகும் அதே மெயிலை, படம், லிங்க் எல்லாவற்றோடும், உங்கள் ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, வலது பக்க மூன்று புள்ளி மெனுவில் 'Show original' என்பதை அழுத்துங்கள். அங்கே இந்த மூன்றும் தெரிய வேண்டும்:

```
SPF:   PASS
DKIM:  PASS
DMARC: PASS
```

டி.கிம் வரியில் பக்கத்திலேயே ஒரு டொமைன் பெயர் இருக்கும். அது உங்கள் டொமைனா, மெயில் சேவை நிறுவனத்தின் டொமைனா என்று பாருங்கள். உங்களுடையதாக இருப்பதே நல்லது. எதிலாவது FAIL வந்தால், சப்ஜெக்ட் லைன் டெஸ்ட்டை அப்படியே நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யுங்கள்.

மூன்றிலும் PASS வந்து, மெயிலும் உங்கள் இன்பாக்ஸில் விழுந்துவிட்டது. சந்தோஷப்படலாமா? கூடாது. ஜிமெயிலின் முடிவு ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் கடை மெயிலை எப்போதும் திறந்து பார்க்கும் ஒரே ரசிகர் நீங்கள்தான், அதனால் உங்களுக்கு இன்பாக்ஸுக்கு வரத்தான் செய்யும். உங்கள் கடையில் இருந்து இதுவரை மெயிலே வாங்காத நான்கைந்து நண்பர்களைப் பிடியுங்கள். ஜிமெயில் மட்டுமல்ல, அவுட்லுக், யாஹூ வைத்திருப்பவர்களும் இருக்கட்டும். ஒரே ஒரு மெயில் அனுப்பி, எந்த ஃபோல்டரில் விழுந்தது என்று மட்டும் கேளுங்கள். 'Promotions' டேபில் விழுந்தால் பதறாதீர்கள். அது ஸ்பேம் இல்லை, கடை மெயில்களுக்கான அலமாரி. ஒரே மெயிலைப் பத்து சப்ஜெக்ட் லைன் போட்டு அதே நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பது மட்டும் வேண்டாம். வடிகட்டியின் கண்ணுக்கு அதுவே ஸ்பேம் அனுப்புகிறவனின் நடத்தை.

இப்போது நிஜ டெஸ்ட். 3,600 பேரில் இருந்து குலுக்கல் முறையில் 600 பேர் ஒரு குழு, இன்னொரு 600 பேர் மறு குழு. அகர வரிசையில் முதல் 600 என்றோ, புதிதாகச் சேர்ந்த 600 என்றோ எடுக்கக் கூடாது. இரண்டு குழுவுக்கும் ஒரே நேரம், ஒரே மெயில். சப்ஜெக்ட் லைன் மட்டும் வேறு.

யாராவது ஒரு 'ஐடியா மணி' இங்கே வந்து, ''உங்க ஆர்டர்ல ஒரு சின்ன மாற்றம்னு போடுங்க, எல்லாரும் திறப்பாங்க'' என்பார். திறப்பார்கள், அது நிஜம்தான். உள்ளே டி-ஷர்ட் விளம்பரத்தைப் பார்த்ததும் ஏமாந்த கடுப்பில் என்ன செய்வார்கள்? 600 பேரில் இரண்டு பேர் ஸ்பேம் பட்டனைத் தட்டினாலே 0.33 சதவிகிதம். கோட்டைத் தாண்டியாச்சு. பதில் மெயில் மாதிரி காட்ட 'Re:' போடுவதும் இதே ரகம். இது கூகுளின் விதிக்கு விரோதம். அமெரிக்காவில் 2003-ல் வந்த கேன்-ஸ்பேம் சட்டப்படி, ஏமாற்றும் சப்ஜெக்ட் லைன் குற்றமே.

நேர்மையான இரண்டை எடுப்போம். முதல் குழுவுக்கு 'காட்டன் டி-ஷர்ட் 499 ரூபாய், தீபாவளி வரை'. இரண்டாவது குழுவுக்கு 'நீங்க வாங்கின அதே காட்டன், இப்போ கறுப்பில்'. ஒன்று விலையைப் பேசுகிறது, இன்னொன்று பொருளைப் பேசுகிறது. இப்படி ஒரே ஒரு வித்தியாசம் இருந்தால்தான் முடிவில் ஏதாவது கற்றுக்கொள்ள முடியும். இமோஜி, ஆச்சர்யக்குறி, பெயர், விலை என்று நான்கையும் சேர்த்து மாற்றினால், ஜெயித்தது எது என்று கடைசிவரை தெரியாது.

ஒரு நாள் கழித்து ரிசல்ட் பார்க்கும்போது, எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை நம்பாதீர்கள். 2021 செப்டம்பரில் ஐபோனுக்கு ஐ.ஓ.எஸ் 15 வந்ததில் இருந்து, ஆப்பிள் மெயில் ஆப்பில் பிரைவசி வசதியை ஆன் செய்தவர்களுக்கு, அவர்கள் மெயிலைத் திறக்காமலேயே படங்களை ஆப்பிள் எடுத்து வைத்துக்கொள்கிறது. உங்கள் மென்பொருளோ 'திறந்துட்டாங்க' என்று எண்ணிக்கொள்ளும். லிங்க்கைக் கிளிக் செய்தவர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள், அது இதைவிட நம்பகமானது.

முதல் குழுவில் 18 கிளிக், இரண்டாவதில் 27 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மடங்கு! கறுப்பு ஜெயித்துவிட்டதா? இதற்கு போன் கால்குலேட்டரே போதும். இரண்டு குழுவும் ஒரே அளவாக இருக்கும்போது, இரண்டு எண்களையும் கூட்டுங்கள்: 45. அதன் வர்க்கமூலம் சுமார் 6.7. அதை இரண்டால் பெருக்கினால் 13.4. இரண்டு குழுவுக்கும் உள்ள வித்தியாசம் 9 தான். 13.4-ஐத் தாண்டவில்லை என்பதால், இது வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். நாணயத்தைச் சுண்டினாலும் சில நேரம் இப்படி விழும்.

இதற்காக டெஸ்ட் வீண் என்று அர்த்தமில்லை. மீதி 2,400 பேருக்கு எதை வேண்டுமானாலும் அனுப்புங்கள். ஆனால், 'பொருளைப் பேசினால் ஜெயிக்கும்' என்று இப்போதே நோட்டில் எழுதாதீர்கள். அடுத்த இரண்டு ஆஃபருக்கும் புதிதாகக் குலுக்கி, விலையா பொருளா என்ற அதே போட்டியை வையுங்கள். மூன்றையும் கூட்டியபோது 52-க்கு 81 என்று வந்தால், மொத்தம் 133, வர்க்கமூலம் 11.5, இரு மடங்கு 23. வித்தியாசம் 29. இப்போது எழுதலாம்.

கிளிக் எண்ணும்போது கூடவே ஓரக்கண்ணால் பார்க்க வேண்டிய எண் ஒன்று உண்டு. 'இனி அனுப்பாதே' என்று விலகியவர்கள் எத்தனை பேர்? கிளிக்கில் ஜெயித்த சப்ஜெக்ட் லைனில் 8 பேர் விலகி, தோற்றதில் ஒருவர் மட்டும் விலகியிருந்தால், நான் தோற்றதைத்தான் எடுப்பேன். விலகும் பட்டனை மெயிலின் அடியில் பொடி எழுத்தில் ஒளித்து வைக்கும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் தெரியுமா? விலகும் வழி கிடைக்காதவருக்குக் கையெட்டும் தூரத்தில் இருப்பது ஸ்பேம் பட்டன்தான். ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்கள் ஒரே கிளிக்கில் விலகும் வசதி தர வேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியிருக்கிறது. விலகியவரை இரண்டு நாளுக்குள் பட்டியலில் இருந்து எடுக்கவும் சொல்கிறது. நீங்கள் 600 பேருக்குத்தான் அனுப்புகிறீர்கள் என்றாலும் இதைச் செய்துவிடுங்கள்.

ஸ்பேமில் விழுந்துவிட்டோமா?

கூகுளின் 'Postmaster Tools' தளத்தில் உங்கள் டொமைனைச் சேர்த்தால் ஸ்பேம் புகார் விகிதத்தைக் காட்டும். இலவசம். ஆனால், இரண்டு குறைகள். குறைவாக அனுப்பினால் எதுவும் காட்டாது. இன்னொன்று கொஞ்சம் வில்லங்கமானது. அந்த விகிதம் இன்பாக்ஸில் விழுந்த மெயில்களை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. உங்கள் மெயில் எல்லாம் ஏற்கெனவே நேராக ஸ்பேமுக்குப் போய்க்கொண்டிருந்தால், புகார் சொல்ல ஆளே இருக்காது. விகிதம் அழகாகப் பூஜ்யம் பக்கம் நிற்கும்!

அதனால், சின்ன கடைக்கு இன்னொரு வழி. கிளிக் எண்ணிக்கையை முகவரி வாரியாகப் பிரியுங்கள். ஜிமெயில்காரர்கள் தனி, யாஹூ, அவுட்லுக் தனி. போன மாதம் எல்லோரும் 100-க்கு 4 பேர் கிளிக் செய்தார்கள், இந்த மாதம் ஜிமெயிலில் மட்டும் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது, மற்றவர்கள் அப்படியே இருக்கிறார்கள் என்றால், ஜிமெயில் உங்களை ஸ்பேமுக்குத் தள்ளியிருக்க வாய்ப்பு அதிகம். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி குறைந்திருந்தால், வடிகட்டியைத் திட்டுவதற்கு முன் சப்ஜெக்ட் லைனையும் ஆஃபரையும் ஒருமுறை பாருங்கள். போரடித்திருக்கும், அவ்வளவுதான்.

ஜிமெயிலில் மட்டும் விழுந்திருந்தால் புது சப்ஜெக்ட் லைன் தேடி அலையாதீர்கள். புது டொமைன் வாங்கி உடனே 3,600 பேருக்கு அனுப்பவும் கூடாது. முன்பின் தெரியாத டொமைனில் இருந்து திடீரென்று மெயில் குவிந்தால் சந்தேகம் இன்னும் கூடும். கடந்த மூன்று மாதத்தில் கிளிக் செய்தவர்களுக்கு மட்டும் சில வாரங்கள் அனுப்புங்கள். அவர்கள் திறப்பதும், கிளிக் செய்வதும், பட்டனை அழுத்தாமல் இருப்பதும்தான் பெயரை மெதுவாக மீட்டுத் தரும்.

ஓரமாக வைத்த அந்தக் கண்காட்சி நோட்டு 2,400 பேர்? கடையின் பெயர் நன்றாக இருக்கும் காலத்தில், ஒரு நாளைக்கு 100 பேர் என்று பிரித்து, 'கண்காட்சியில் எங்க ஸ்டாலுக்கு வந்தீங்க, மெயில் அனுப்பலாமா?' என்ற சப்ஜெக்ட் லைனோடு ஒரே ஒரு மெயில். போன் திரையில் சப்ஜெக்ட் லைனின் முதல் நான்கைந்து வார்த்தைகள்தான் தெரியும் என்பதால், 'கண்காட்சி' முதலிலேயே வரட்டும். 'அனுப்புங்க' என்று கிளிக் செய்பவர்களைப் பட்டியலில் சேருங்கள். பதிலே இல்லாதவர்களின் முகவரியை அழித்துவிடுங்கள். 2,400-ல் 200 பேர்தான் மிஞ்சினாலும் பரவாயில்லை, அந்த 200 பேரும் உங்கள் கடையைத் தெரிந்தவர்கள்.